முடிந்துபோன நாவலில் ஓட்டை: பிக்கியின் கண்ணாடி தீ மூட்டுமா?

மாடிவாசகி | பிப்ரவரி 2, இரவு 10:15

வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவலைப் பதினாறு வயதில் ஒரே ராத்திரியில் படித்தேன். போன வாரம் திரும்ப எடுத்தேன், இரண்டாவது அத்தியாயத்திலேயே நின்றுவிட்டேன். தீவில் மாட்டிக்கொண்ட பையன்கள் விறகைக் குவித்துவிட்டு, தீ எப்படிப் பற்றவைப்பது என்று முழிக்கிறார்கள். ஜாக் பாய்ந்து பிக்கியின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குகிறான். ரால்ஃப் அதை முன்னும் பின்னும் நகர்த்த, சாய்கிற சூரியனின் வெள்ளைப் புள்ளி ஒரு மக்கிய கட்டைமேல் விழுகிறது, புகை வருகிறது.

பிக்கிக்கு இருப்பது கிட்டப்பார்வை. நான் ஊகித்துச் சொல்லவில்லை, பின்னால் ஒரு இடத்தில் ஆசிரியரே அந்த வார்த்தையைப் போட்டு எழுதியிருக்கிறார். கிட்டப்பார்வைக்குப் போடுவது குழிலென்ஸ், அது வெயிலைப் பரப்புமே தவிர ஒரு புள்ளியில் குவிக்காது. எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்து மைனஸ் கண்ணாடி. பதினாறு வயதில் அதை மூக்கில் மாட்டிக்கொண்டுதான் இந்தக் கதையைப் படித்தேன், அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

இது ஓரத்தில் கிடக்கிற பிழையாக இருந்தால் தாண்டிப் போயிருப்பேன். ஆனால் அந்தத் தீதான் கதையின் அச்சாணி. தீ இருந்தால் கப்பல் பார்க்கும். தீ கண்ணாடியில் இருப்பதால்தான் ஜாக்கின் கூட்டம் ராத்திரியில் வந்து அதைத் திருடுகிறது, அதைத் திரும்பக் கேட்கப் போன இடத்தில்தான் பிக்கி சாகிறான். கண்ணாடி எரிக்காது என்றால் இதில் ஒன்றுமே நடக்காது. நாவல் கெட்டுப்போனது என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?


மாடிவாசகி | பிப்ரவரி 2, இரவு 11:50

ஒன்று விட்டுப்போயிற்று. "எட்டாம் வகுப்புப் பாடம்கூடத் தெரியாத ஆசிரியர்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது வேறு பேச்சு. படிக்கிறவள் கையில் என்ன மிஞ்சுகிறது என்றுதான் கேட்கிறேன்.


ரயில்நேரம் | பிப்ரவரி 3, காலை 7:05

பெரிய நாவல் எல்லாவற்றிலும் இது உண்டு. ராபின்சன் குரூசோவையே எடுங்கள், 1719-ல் வந்தது. துணியைக் கழற்றி வைத்துவிட்டு நீந்தி உடைந்த கப்பலுக்குப் போகிறான், ஏறினதும் பிஸ்கட்டைப் பாக்கெட்டில் நிரப்பிக்கொள்கிறான். துணியே இல்லாதவனுக்குப் பாக்கெட் எங்கிருந்து வந்தது? முந்நூறு வருஷமாக ஜனங்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதோடு கண்ணாடிக்கும் ஒரு வழி இருக்கிறது. குழியான பக்கத்தில் தண்ணீர் விட்டால் போதும். ஜூல் வெர்னின் 'மர்மத் தீவு' நாவலில் எஞ்சினியர் இரண்டு கடிகாரக் கண்ணாடிகளைச் சேர்த்து, நடுவில் தண்ணீர் நிரப்பி, ஓரத்தைக் களிமண்ணால் அடைத்துத் தீ மூட்டுவார். பையன்கள் அதேபோலச் செய்தார்கள் என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது.


லென்ஸ்மேசை | பிப்ரவரி 3, மதியம் 1:30

இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறேன். நாவல் அவ்வளவாகப் படித்ததில்லை, இந்த ஒன்றைப் பையனின் பாடத்துக்காகப் படித்தேன்.

தண்ணீர் யோசனை பாதி சரி. கடிகாரக் கண்ணாடிக்குச் சொந்தமாகப் பவர் எதுவும் கிடையாது, வெறும் கிண்ணம் மாதிரிதான். அதனால் உள்ளே நிற்கிற தண்ணீரே லென்ஸாகிவிடும், எதிர்த்து இழுக்க ஆள் இல்லை. மைனஸ் கண்ணாடி அப்படி இல்லை. தண்ணீர் கூட்டுவதை அது கழித்துக்கொண்டே இருக்கும். மைனஸ் நாலு மாதிரி லென்ஸ் இரண்டை உள்பக்கம் ஒன்றையொன்று பார்க்க ஒட்டித் தண்ணீர் விட்டால் கொஞ்சம் பிளஸ் மிஞ்சும், ஏறக்குறைய ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி அளவுக்கு. மைனஸ் எட்டுக்குப் போனால் இரண்டும் சமமாகி ஒன்றும் மிஞ்சாது. பிக்கியின் கண்ணாடி கனமானது என்று கதையே சொல்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நாலாவது அத்தியாயத்தில் ஜாக் அறைகிறான், ஒரு பக்கத்து லென்ஸ் நொறுங்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் அந்தக் கண்ணாடியை வைத்துத்தான் தீ மூட்டுகிறார்கள். ஒற்றை லென்ஸில் இரண்டு லென்ஸ் வித்தை எப்படிச் செய்வது?


பழையபேனா | பிப்ரவரி 3, இரவு 8:40

நல்ல நேரத்தில் இந்தக் கேள்வி வந்தது. நானும் ஒரு நாவலை முடித்து வைத்திருக்கிறேன், 412 பக்கம். ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன், ஓட்டை இருக்கிறது என்கிறார். கதை 1987-ல் தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்தில் நடக்கிறது. அப்பா தன் சொத்தைக் கவனிக்க மூத்த மகன் பேருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். சித்திரையில் அப்பா தவறிவிடுகிறார். ஆடியில் மூத்தவன் அதே பவரை வைத்து மூன்று ஏக்கர் நஞ்சையை அதே ஊர் வியாபாரிக்கு விற்றுவிடுகிறான். தங்கைக்குத் தெரியவருகிறது, ஆனால் வேறு வழியில்லை என்று வாய் திறப்பதில்லை. இருபது வருஷம் அண்ணன் வாசலை மிதிக்காமலே இருக்கிறாள். அந்த மௌனம்தான் நாவல். இது ஓட்டையா? அடைக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?


மாடிவாசகி | பிப்ரவரி 4, காலை 6:30

பழையபேனா சார், நான் கேட்டது படித்து முடித்த நாவலைப் பற்றி, எழுதி முடித்ததைப் பற்றி இல்லை. இருந்தாலும் உங்கள் கேள்வி என் கேள்வியைவிடக் கூர்மையாக இருக்கிறது, இருக்கட்டும், அதற்கு வருகிறேன்.

ரயில்நேரம், குரூசோ பாக்கெட் விஷயத்தை நேற்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். அது ஓட்டையே இல்லை. இரண்டு மூன்று பத்தி தள்ளி, கரையில் மணல்மேல் வைத்த கோட்டும் சட்டையும் அலை ஏறி அடித்துக்கொண்டு போனதைப் பார்க்கிறான். அங்கேயே, அரைக்கால் சட்டையோடும் காலுறையோடும்தான் நீந்தி வந்தேன் என்றும் சொல்கிறான். அவன் கழற்றியது மேல்துணியை மட்டும். "துணியைக் கழற்றினேன்" என்ற இடத்தில் நாமாகவே முழு அம்மணம் என்று எடுத்துக்கொண்டோம். முந்நூறு வருஷம் தாங்கியதற்கு உதாரணம் என்றீர்கள், தாங்க வேண்டிய பாரமே அங்கே இல்லை.

எனக்கு இதில் ஒரு பாடம் கிடைத்தது. ஓட்டை என்று கூவுவதற்கு முன்னால் பத்துப் பக்கம் முன்னாலும் பின்னாலும் படித்துவிட வேண்டும். அதனால் பிக்கி வருகிற இடங்களையெல்லாம் பென்சிலோடு திரும்பப் படிக்கப் போகிறேன்.


சோழமண்டலம் | பிப்ரவரி 4, மதியம் 12:10

இவ்வளவு தூரம் போவானேன்? 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி கடைசிவரை சொல்லவில்லையே. ஐந்து பாகம் படித்துவிட்டு அந்த இடத்தில் கை விரித்தால் அது ஓட்டை இல்லாமல் வேறென்ன?


மாடிவாசகி | பிப்ரவரி 4, மதியம் 12:45

அதை ஓட்டையாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடம்பூர் மாளிகையில் அந்த இருட்டில் என்ன நடந்தது என்பதை யாரும் முழுசாகப் பார்க்காதபடிதான் கல்கி அமைத்திருக்கிறார். உடையார்குடிக் கல்வெட்டில் துரோகிகள் என்று சில பெயர்கள் இருக்கின்றன, யார் கை கொன்றது என்று இல்லை. பதில் சொல்லாமல் விடுவது ஒன்று, சொன்ன பதில் முன்னால் சொன்னதோடு முட்டுவது இன்னொன்று. எனக்கு உறுத்துவது இரண்டாவது. இதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குங்கள், கட்டாயம் வருகிறேன்.


மாடிவாசகி | பிப்ரவரி 5, மதியம் 2:20

பென்சிலோடு படிக்கிறதற்கு முன்னால் மொட்டை மாடிக்குப் போனேன். எட்டாம் வகுப்புப் புத்தகம் சொல்கிறது என்பதற்காக ஒரு நாவலைத் தள்ளிவைக்க மனசு வரவில்லை.

பன்னிரண்டரை மணி வெயில். என் கண்ணாடி மைனஸ் நாலரை. கீழே ஒரு தட்டில் தேங்காய் நாரும் செய்தித்தாள் துண்டும் வைத்தேன். கண்ணாடியை ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் லென்ஸின் நிழல் காகிதத்தில் கருப்பாக விழுகிறது, அந்த நிழலைச் சுற்றி மெல்லிசாக ஒரு வெளிச்ச வளையம். மேலே தூக்கத் தூக்க வளையம் அகலமாகி மங்குகிறது. எந்த உயரத்திலும் நடுவில் புள்ளி வரவே இல்லை. வெயில் வழிய வேண்டிய இடத்தில் நிழல்தான் விழுகிறது, அது பாடத்தில் படித்தபோது உறைக்காத விஷயம்.

அப்புறம் அம்மாவின் வெள்ளெழுத்துக் கண்ணாடியை எடுத்து வந்தேன், பிளஸ் இரண்டரை. தட்டிலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் வெளிச்சம் சட்டென்று சுருங்கி, மிளகைவிடச் சின்னதாக ஒரு வட்டம் விழுந்தது. தலைப்பு எழுத்தின் கறுப்பு மையில் அதை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் புகை. மை இல்லாத வெள்ளை இடத்தில் ரொம்ப நேரம் ஒன்றும் ஆகவில்லை. நார் கருகியது, தீ பிடிக்கவில்லை. நானும் ஊதிப் பார்க்கவில்லை, மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

அதனால் ரால்ஃப் கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்துவது, புள்ளி விழுவது, கட்டை மக்கியதாக இருப்பது எல்லாமே சரியாக இருக்கிறது. யாரோ உண்மையாகவே செய்து பார்த்துவிட்டு எழுதிய மாதிரி இருக்கிறது. தவறியது கண்ணாடியின் இனம் மட்டும்தான்.


லென்ஸ்மேசை | பிப்ரவரி 5, மாலை 6:00

சரியாகச் செய்திருக்கிறீர்கள். வெள்ளெழுத்து லென்ஸ் பலவீனமானது, அதிலேயே புகை வந்திருக்கிறது. பிளஸ் எட்டு, பத்து என்றால் புள்ளி கடுகளவுக்கு வந்துவிடும், நார் உடனே பிடித்துக்கொள்ளும். அந்த மாதிரிக் கண்ணாடியை வெயில் விழுகிற ஜன்னலோரம் வைக்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லித்தான் கொடுப்பேன்.

கையில் வாங்காமலே எது பிளஸ் எது மைனஸ் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். கண்ணாடி போட்டவரின் முகத்தை நேராகப் பாருங்கள். கண்ணாடிக்குள் தெரிகிற கன்னத்தின் ஓரம் உள்ளே தள்ளிப்போய் முகம் ஒடுங்கினமாதிரி இருந்தால் மைனஸ், கண்ணும் சின்னதாகத் தெரியும். கண் பெரிதாகப் பிதுங்கித் தெரிந்தால் பிளஸ்.


மாடிவாசகி | பிப்ரவரி 6, இரவு 9:30

பென்சில் வேலை முடிந்தது. என் முதல் பதிவில் பாதியைத் திருத்த வேண்டியிருக்கிறது.

கிட்டப்பார்வை என்ற வார்த்தை பதினோராவது அத்தியாயத்தின் தொடக்கத்தில் வருகிறது, அங்கே சந்தேகமில்லை. ஆனால் இரண்டாவது அத்தியாயத்தில், ஜாக் கண்ணாடியைப் பிடுங்கின உடனே பிக்கி என்ன கத்துகிறான் என்று பாருங்கள். எல்லாம் மங்கல், என் கையே சரியாகத் தெரியவில்லை என்கிறான். எனக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் தெருமுனைப் பெயர்ப்பலகை தெரியாது, எதிரில் வருகிறவர் யார் என்று தெரியாது, ஆனால் என் கை தெரியும். கிட்டத்தில் வைத்தால் ரேகைகூடத் தெரியும். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு மிஞ்சியிருப்பதே அந்த ஒரு சாண்தான். கை தெரியாது என்பது தூரப்பார்வைக்காரர் சொல்கிற குறை.

அப்படியானால் பிக்கியின் உடம்பு தூரப்பார்வைக்காரனாக நடந்துகொள்கிறது, கண்ணாடியும் தூரப்பார்வைக் கண்ணாடியாக எரிக்கிறது. பின்னால் வந்த ஒரு வார்த்தைதான் இவையெல்லாவற்றோடும் மோதுகிறது. அந்த வார்த்தையை மாற்றிவிட்டால் அச்சாணி சரியாகிவிடும். நாவல் கெட்டது என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.


லென்ஸ்மேசை | பிப்ரவரி 7, காலை 9:15

அவசரப்படாதீர்கள். இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது.

சின்னப் பையன்களின் கண் ரொம்ப வலுவானது. பிளஸ் மூன்று நான்கு இருந்தாலும் உள்ளே இருக்கிற லென்ஸை இறுக்கிப் பார்த்துச் சமாளித்துவிடுவார்கள், தலைவலி வரும், அவ்வளவுதான். அந்த அளவு தூரப்பார்வைப் பையன் கண்ணாடி இல்லாமல் மலை ஏறுவான், கல் உருண்டு வந்தால் பார்த்து விலகுவான். பிக்கி அப்படியா? கண்ணாடி போனதும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது, பாறைமேல் தவழ்கிறான். கிட்டத்தட்டக் குருடு. அந்த அளவு கதியற்ற நிலை கனமான மைனஸ்காரர்களுக்குத்தான் சாதாரணமாக வரும்.

ஆகவே வார்த்தையை மாற்றினால் தீ சரியாகும், குருடு கெடும். வார்த்தையை விட்டால் குருடு சரி, தீ கெடும்.


மாடிவாசகி | பிப்ரவரி 7, காலை 9:50

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொன்னதுதான் இந்த நாவலின் நெருக்கடியே. ஆசிரியருக்கு ஒரே பொருள் இரண்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. எல்லாருக்கும் தீ கொடுப்பதும் அதுவாக இருக்க வேண்டும், ஒருவனுக்கு மட்டும் பார்வை கொடுப்பதும் அதுவாக இருக்க வேண்டும். பூதக்கண்ணாடி ஒன்று கையில் இருந்தது என்று எழுதியிருந்தால் தீ பிரச்சினை தீர்ந்திருக்கும், ஆனால் அதைத் திருடினால் ஒரு பையன் இருட்டில் விழமாட்டான். திருட்டு வெறும் திருட்டாகப் போயிருக்கும்.

அதிகமான பிளஸ் என்றால்? பிளஸ் பத்து, பன்னிரண்டு?


லென்ஸ்மேசை | பிப்ரவரி 7, மதியம் 1:10

அது இருக்கலாம். அபூர்வம், ஆனால் உண்டு. பிறவியிலேயே கண்புரை இருந்து சின்ன வயதில் ஆபரேஷன் செய்த பிள்ளைகள் இருக்கிறார்கள். உள் லென்ஸை எடுத்துவிட்டு உள்ளே வேறொன்று வைக்காத காலத்தில் அவர்களுக்குப் பிளஸ் பத்துக்கு மேல் தடித்த கண்ணாடிதான். கழற்றினால் தூரமும் தெரியாது, கிட்டவும் தெரியாது, இறுக்கிப் பார்க்கவும் முடியாது. வெயிலில் பிடித்தால் நொடியில் எரிக்கும். உங்கள் பிக்கிக்கு இரண்டு வேலையும் நடக்கிற கண்ணாடி அது ஒன்றுதான். கதையில் அப்படி எங்கேயாவது சொல்லியிருக்கிறதா?


மாடிவாசகி | பிப்ரவரி 7, இரவு 8:00

இல்லை. ஆஸ்துமா வருகிறது, பெற்றோருக்குப் பதில் அத்தையிடம் வளர்வது வருகிறது, அத்தையின் மிட்டாய்க்கடை வருகிறது. கண் ஆபரேஷன் எங்கேயும் இல்லை. மூன்று வயதிலிருந்து கண்ணாடி போடுகிறேன் என்று ஒரு வரி மட்டும் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது.

அந்த ஒரு வரி போதும் என்று என் மனசு பிடித்துக்கொள்கிறது, ஏனென்றால் மூன்று வயதில் கண்ணாடி போட்ட பிள்ளைக்கு ஏதோ பெரிய குறை இருந்திருக்க வேண்டும். ஆனால் இது நான் தைக்கிற ஒட்டு, அவர் தைத்தது இல்லை. அதைக் கலக்கக்கூடாது.


ரயில்நேரம் | பிப்ரவரி 8, காலை 7:20

நான் கேட்கிறேன், ஆசிரியரே அடைத்தால் மட்டும் நன்றாகிவிடுமா? 'டான் கிஹோட்டே' முதல் பாகம் 1605-ல் வந்தபோது வேலைக்காரன் சாஞ்சோவின் கழுதை காணாமல் போகிறது, எப்படி என்று சொல்லவில்லை. அப்புறம் சொல்லாமலே திரும்பி வந்து நிற்கிறது. அதே வருஷம் வந்த இரண்டாம் பதிப்பில் திருட்டை எழுதிச் சேர்த்தார்கள். சேர்த்த இடம் முன்னாலேயே வந்துவிட்டதால், கழுதை திருடுபோன பிறகும் சாஞ்சோ அதன்மேல் உட்கார்ந்து போகிறான்! 1615-ல் இரண்டாம் பாகத்தில் ஒரு பட்டதாரி சாஞ்சோவிடமே இதைக் கேட்கிறான். கதை எழுதினவர் தப்புச் செய்திருக்கலாம், இல்லாவிட்டால் அச்சுக்காரரின் கவனக்குறைவு என்கிறான் சாஞ்சோ. அடைத்தது அழகாக இல்லை, அடைக்காமல் பேசியதுதான் அழகாக இருக்கிறது. குரூசோ விஷயத்தில் நான் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இது தப்பு இல்லை.


மாடிவாசகி | பிப்ரவரி 8, காலை 10:40

கழுதை நல்ல உதாரணம். கழுதை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாஞ்சோ எடுத்த முடிவு எதுவும் மாறப்போவதில்லை. நடந்து போயிருப்பான், அலுத்துக்கொண்டிருப்பான், எஜமானரை விட்டுப் போயிருக்க மாட்டான். அதனால் அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய ஓட்டை.

இங்கேதான் பழையபேனா சாரின் தங்கை ஞாபகம் வருகிறது. சட்டம் தெரிந்தவர் யாராவது சொல்லுங்கள்.


பத்திரவரி | பிப்ரவரி 8, மதியம் 3:30

பத்திர எழுத்து வேலை, முப்பது வருஷம். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றோடு போச்சு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவு. கொடுத்தவருக்குச் சித்தம் கலங்கினாலும் அப்படியே. இதற்கு விலக்கு உண்டு: முகவருக்கே அந்தச் சொத்தில் பாத்தியதை இருந்தால், உதாரணமாகப் பணம் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக வாங்கின பவர் என்றால், இறப்போடு முடியாது. இறந்தது தெரியாத மூன்றாம் ஆளுக்கும் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஒரே ஊர் வியாபாரி, சித்திரையில் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர், ஆடியில் தெரியாது என்று சொல்ல முடியாது. தங்கை வழக்குப் போட்டிருந்தால் அவள் பங்கு அவளுக்கு வந்திருக்கும் என்பது என் கருத்து.

தங்கை என்ன வேலை பார்க்கிறாள் கதையில்?


பழையபேனா | பிப்ரவரி 8, மாலை 5:05

ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட்.


பத்திரவரி | பிப்ரவரி 8, மாலை 5:20

அப்படியானால் அவள் வாரத்துக்கு இரண்டு பவர் அடித்திருப்பாள். முதல் நாளே தெரியும்.


மாடிவாசகி | பிப்ரவரி 8, இரவு 11:00

இதைப் படித்த பிறகுதான் எனக்குள் இரண்டும் பிரிந்தது.

பிக்கியின் கண்ணாடியில் ஓட்டை ஒரு பொருளில் இருக்கிறது. அந்தத் தீவில் இருக்கிற ஒருவருக்கும் அது எரிக்காது என்று தெரியாது. ஜாக் பிடுங்குவதும், ரால்ஃப் கூச்சப்பட்டு வாங்கிக்கொள்வதும், பிக்கி தன் கண்ணாடி தன் உரிமை என்று, கூட்டத்தில் பேசும் உரிமைக்கு அடையாளமான சங்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஜாக்கிடம் போய் நிற்பதும் அந்தந்தப் பையனின் குணத்திலிருந்து வருகிறது. கண்ணாடியின் இனத்தை நான் எப்படி மாற்றினாலும் அவர்கள் அதையேதான் செய்வார்கள். எனக்குத் தெரிந்ததும் அவர்களுக்குத் தெரியாததும் மோதுகிறது, அதனால் உறுத்துகிறது.

பழையபேனா சார், உங்கள் கதையில் ஓட்டை அந்தத் தங்கைக்குள்ளேயே இருக்கிறது. அவளுக்குத் தெரியும், தெரிந்தும் கதை அவளைத் தெரியாதவளாக நடத்துகிறது. இருபது வருஷ மௌனத்துக்கு நீங்கள் காட்டுகிற காரணம் வேறு வழியில்லை என்பது, வழியோ அவள் மேசைமேல் தினமும் கிடக்கிறது. இது கெடுக்கிற ஓட்டை என்று நினைக்கிறேன். மனசு நோகச் சொல்லவில்லை, 412 பக்கம் எழுதினவரிடம் பொய் சொல்லக்கூடாது என்பதால் சொல்கிறேன்.


பழையபேனா | பிப்ரவரி 9, அதிகாலை 4:50

தூக்கம் வரவில்லை. விற்பனையை அப்பா இறப்பதற்கு முன்னாலே, தையில், வைத்துவிட்டால் சட்டம் சரியாகிவிடும். ஆனால் அப்போது அப்பா உயிரோடு இருக்கிறார். அவருக்குத் தெரிந்துதான் விற்றானோ என்ற கேள்வி வந்துவிடும். நான் எழுதிய அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. டைப்பிஸ்ட் வேலையை எடுத்துவிட்டு அவளைத் தையல் வகுப்பு எடுப்பவளாக்கலாம், ஆனால் டைப்ரைட்டர் சத்தம் ஏழு அத்தியாயத்தில் வருகிறது.


பத்திரவரி | பிப்ரவரி 9, காலை 8:00

டைப்பிஸ்டாகவே இருக்கட்டும். அவளுக்குத் தெரியும் என்றே எழுதுங்கள். வழக்குப் போட்டால் ஜெயிப்போம் என்று தெரிந்தும் போடாதவர்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன். அண்ணனைக் கோர்ட்டில் நிறுத்த மனசு வராது.


பழையபேனா | பிப்ரவரி 9, காலை 8:30

அப்படியானால் அவள் வேறு ஆள். நான் இருபது வருஷமாக மனசில் வைத்திருந்த பெண் அப்படித் தெரிந்து அடக்கிக்கொள்கிறவள் இல்லை, ஏமாந்தவள். யோசிக்கிறேன். இரண்டு மாசம் கழித்து வருகிறேன்.


சோழமண்டலம் | பிப்ரவரி 9, இரவு 7:15

மாடிவாசகி சொல்கிற பிரிவினை எனக்கு ஒப்பவில்லை. வாசிக்கிறவன் நம்பிக்கை போய்விட்டால் எந்த வகை ஓட்டை என்று கேட்டு என்ன பயன்? என் அண்ணன் பௌதிக வாத்தியார். கண்ணாடி இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார், இன்றுவரை திறக்கவில்லை. அவருக்கு அது கெட்டுப்போன நாவல்தானே?


மாடிவாசகி | பிப்ரவரி 10, இரவு 10:30

உங்கள் அண்ணனுக்கு நான் பதில் சொல்ல முடியாது, அவருக்குக் கெட்டுப்போனது உண்மை. ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், அவர் மூடியது முதல் தடவை படிக்கும்போதா, இரண்டாவது தடவையா? நான் முதல் தடவை தெரியாமல் முழுசாகப் படித்துவிட்டேன், அந்தப் பதினாறு வயது ராத்திரி என் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் எனக்கு மன்னிக்க முடிகிறதோ என்ற சந்தேகம் எனக்கே உண்டு.

இன்று மீதியை முடித்தேன். இரண்டாவது அத்தியாயத்தில் புள்ளி விழுகிற இடத்தில் உறுத்தியது, நாலாவதில் திரும்பத் தீ மூட்டும்போது மறுபடி உறுத்தியது. பத்தாவதில் ராத்திரி குடிலுக்குள் புகுந்து அடிக்கிறார்கள், யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாத இருட்டு. பிக்கி அவர்கள் சங்கைத் தேடி வந்ததாக நினைக்கிறான். சங்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்புறம், கடற்கரையில் ஓடுகிற ஜாக்கின் கையில் உடைந்த கண்ணாடி தொங்குகிறது. அந்தப் பக்கத்தில் எனக்குக் குழியும் நினைவில்லை, குவியும் நினைவில்லை. பதினோராவது அத்தியாயத்தில் அந்த வார்த்தை வரும் என்று தெரிந்தே காத்திருந்தேன், வந்தது, பென்சிலால் கீழே ஒரு கோடு போட்டேன், மேலே படித்தேன்.


லென்ஸ்மேசை | பிப்ரவரி 11, காலை 9:40

நேற்று கடைக்கு ஒரு அம்மா நாலு வயதுப் பையனைக் கூட்டிவந்தார், பிளஸ் பதினொன்று. பிரேமை மாட்டிப் பார்க்கும்போது உங்கள் பிக்கி ஞாபகம் வந்தது. ஜன்னல் விஷயத்தை அந்த அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.